கொஞ்சம் இருக்கு, கொஞ்சம்தான் இருக்கு: மச், மெனி, ஃபியூ, லிட்டில் நாலையும் பேச்சில் சரியாக வைக்க ஒரு முழு வழிகாட்டி

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கிற தெருக்களில் லாட்ஜ், மருந்துக்கடை, டிபன் கடை என்று வேலை பார்க்கிற பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கொல்கத்தாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. நம் பிள்ளைகளுக்கு வங்காளமும் இந்தியும் அரைகுறை. அதனால் ரூம் வாடகையிலிருந்து மாத்திரைக் கணக்கு வரை எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது.

ஒரு நாள் வகுப்புக்கு வந்த தம்பி ஒருவன் முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தான். அவன் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் இருக்கிறவன். மத்தியானம் கொல்கத்தாவிலிருந்து ஓர் அம்மா வந்து ரூம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். பள்ளிக்கூட டீச்சராம், நல்ல ஆங்கிலம். மூன்று ரூம் காலியாக இருந்தது. இவன் "லிட்டில் ரூம்ஸ் ஒன்லி, மேடம்" என்று சொல்லியிருக்கிறான். அந்த அம்மா, "என் தாயாருக்கு சக்கர நாற்காலி, சின்ன ரூம் சரிப்படாது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வெயிலில் அடுத்த லாட்ஜைத் தேடிப் போய்விட்டார்.

"சார், நான் கொஞ்சம் ரூம்தான் இருக்குன்னுதானே சொன்னேன்? அவங்க ஏன் சின்ன ரூம்னு நினைச்சாங்க?" என்று கேட்டான்.

அவன் கேட்ட அந்தக் கேள்விக்குள் இந்த நாலு சொற்களின் முழுக் கணக்கும் இருக்கிறது. அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்திலேயே தருகிறேன், ஏனென்றால் இது வாயால் பேசுவதற்கான பாடம். வாய்விட்டுப் படித்தால்தான் ஒட்டும்.

முதல் படி: எத்தனையா, எவ்வளவா?

ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் இரண்டு சாதி. ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடியவை ஒரு பக்கம். இட்லி, ரூம், மாத்திரை, பஸ், ஆள் எல்லாம் இதில் வரும். எண்ண முடியாமல் அளக்க மட்டுமே முடிகிறவை இன்னொரு பக்கம். தண்ணீர், சாம்பார், வலி, நேரம், பணம், போக்குவரத்து நெரிசல் எல்லாம் அதில். எண்ணுகிற பக்கத்துக்கு மெனியும் ஃபியூவும். அளக்கிற பக்கத்துக்கு மச்சும் லிட்டிலும். நிறைய என்றால் மெனி அல்லது மச். குறைவு என்றால் ஃபியூ அல்லது லிட்டில்.

இதில் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், தமிழில் 'நிறைய' என்ற ஒரே சொல் இரண்டு பக்கத்துக்கும் ஓடும். நிறைய ஆள், நிறைய தண்ணி. 'கொஞ்சம்' என்பதும் அப்படியே. கொஞ்சம் ரூம், கொஞ்சம் பால். அந்தத் தம்பி மனசுக்குள் 'கொஞ்சம்' என்று நினைத்தான், வாயில் 'லிட்டில்' வந்தது. எண்ணக்கூடிய பொருளுக்கு முன்னால், அதுவும் பன்மையில், லிட்டில் போட்டால் அது அளவைச் சொல்லாது, உருவத்தைச் சொல்லும். லிட்டில் ரூம்ஸ் என்றால் சின்னச் சின்ன ரூம்கள். லிட்டில் பாய்ஸ் என்றால் பொடிப் பையன்கள். அந்த அம்மா தவறாகக் கேட்கவில்லை, அவர் காதில் விழுந்தது அதுதான்.

ஆனால் கேள்வி கேட்கும்போது தமிழும் இரண்டு பக்கத்தைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. எத்தனை இட்லி, எவ்வளவு சாம்பார். நம் ஆற்காட்டுப் பக்கத்துப் பெரியவர்கள் பேச்சைக் கவனியுங்கள்: "எத்தினி பேரு வந்தாங்கோ?", "எம்மாம் தண்ணி ஊத்தனே?" அந்த எத்தினிதான் ஹவ் மெனி, அந்த எம்மாம்தான் ஹவ் மச். இந்தச் சோதனை உங்கள் வாயிலேயே இருக்கிறது. சொல்ல வந்த பொருளுக்கு முன்னால் 'எத்தனை' போட்டுப் பாருங்கள். எத்தனை மாத்திரை, சரியாக இருக்கிறது, ஆகவே மெனி. எத்தனை பால், நாக்கு ஏற்கவில்லை, ஆகவே மச்.

பத்தில் எட்டு இடத்தில் இந்தச் சோதனை கைவிடாது. மீதி இடங்களை இப்போதே பார்த்துவிடலாம்.

முதலாவது, தமிழில் எவ்வளவு என்று சொன்னாலும் ஆங்கிலத்தில் எண்ணிவிடுகிற இடங்கள். "எவ்வளவு நாள் தங்குவீங்க?" என்பது நமக்கு இயல்பான கேள்வி. அதை அப்படியே மாற்றி "ஹவ் மச் டேஸ்?" என்று கேட்கிறார்கள். நாளை எண்ணலாம், ஒரு நாள், இரண்டு நாள். ஆகவே "ஹவ் மெனி டேஸ்?" நேதாஜி மார்க்கெட்டில் "எவ்வளவு வெங்காயம் வேணும்?" என்று எடையை நினைத்துக் கேட்போம். வெங்காயத்தை முழுசு முழுசாக நினைத்தால் ஆங்கிலத்தில் அது எண்ணுகிற பொருள். ஆகவே "ஹவ் மெனி ஆனியன்ஸ்?" அல்லது "ஹவ் மெனி கிலோஸ்?" என்று கேட்கலாம்.

இரண்டாவது, தமிழில் எத்தனை என்று எண்ணினாலும் ஆங்கிலம் எண்ண மறுக்கிற இடங்கள். இதில்தான் அதிகம் பேர் தடுக்குகிறார்கள். காட்பாடி ஸ்டேஷனில் ஆட்டோக்காரர் "எத்தனை லக்கேஜ்?" என்றுதான் கேட்பார். ஆங்கிலத்தில் லக்கேஜ் என்பது மூட்டைகள் எல்லாம் சேர்ந்த ஒரு மொத்தம். அதற்குப் பன்மை கிடையாது, லக்கேஜஸ் என்று ஒரு சொல் இல்லை. "ஹவ் மச் லக்கேஜ்?" என்று கேட்கலாம். அதைவிட நல்லது, எண்ணக்கூடிய சொல்லுக்கு மாறிவிடுவது: "ஹவ் மெனி பேக்ஸ்?" இதே குடும்பத்தில் இன்னும் சில சொற்கள் இருக்கின்றன. மேஜை நாற்காலி எல்லாம் சேர்த்து ஃபர்னிச்சர், தகவல் என்கிற இன்ஃபர்மேஷன், அறிவுரை என்கிற அட்வைஸ், செய்தி என்கிற நியூஸ், வேலை என்கிற ஒர்க். "நாலு புத்தி சொன்னார்" என்று நாம் எண்ணுவோம், ஆங்கிலம் எண்ணாது. "டுடே ஐ ஹேவ் மெனி ஒர்க்ஸ்" என்பது தினமும் என் காதில் விழுகிற வாக்கியம். வேலை என்ற பொருளில் ஒர்க்குக்குப் பன்மை இல்லை. "டுடே ஐ ஹேவ் அ லாட் ஆஃப் ஒர்க்" என்று சொல்ல வேண்டும். எண்ணியே தீர வேண்டும் என்றால் ஜாப்ஸ், திங்ஸ் போன்ற சொல்லுக்குப் போகலாம்: "ஐ ஹேவ் மெனி திங்ஸ் டு டூ."

இந்தக் குடும்பம் பெரியதில்லை. மேலே சொன்ன ஆறு சொற்களும் பிடிபட்டால் அன்றாடப் பேச்சில் வருகிற பிழையில் பெரும்பகுதி போய்விடும்.

பணம் மட்டும் பலரை யோசிக்க வைக்கும். ரூபாயை எண்ணுகிறோமே, பிறகு ஏன் ஹவ் மச் மணி? எண்ணுவது ரூபாய் என்ற அலகை. மணி என்ற சொல் அளக்கிற பக்கத்தில்தான் நிற்கிறது. தண்ணீருக்கும் இதே கதைதான், தண்ணீரை எண்ண முடியாது, பாட்டிலை எண்ணலாம். அதனால்தான் விலை கேட்கும்போது பொருள் எதுவாக இருந்தாலும் ஹவ் மச்தான். "ஹவ் மச் ஆர் த இட்லீஸ்?" என்றால் விலை என்ன என்று அர்த்தம், "ஹவ் மெனி இட்லீஸ்?" என்றால் எத்தனை வேண்டும் என்று அர்த்தம். தமிழிலும் "இட்லி எவ்வளவு?", "எத்தனை இட்லி?" என்று அதே பிரிவு இருக்கிறது. டிபன் கடைப் பிள்ளைகள் இதை ஒரே நிமிஷத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு வரி. டைம் என்பது நேரம் என்ற பொருளில் அளக்கிற பக்கம்: "ஹவ் மச் டைம் டஸ் இட் டேக்?" தடவை என்ற பொருளில் எண்ணுகிற பக்கம்: "ஹவ் மெனி டைம்ஸ் டிட் யூ கால்?" அப்புறம் "எத்தனை மணிக்கு?" என்பதை ஹவ் மெனி என்று மாற்றிவிடாதீர்கள், அது "வாட் டைம்?"

இரண்டாம் படி: மச் எங்கே உட்காரும்

மச் என்ற சொல்லுக்கு ஒரு குணம் உண்டு. கேள்வியிலும் இல்லை என்று சொல்கிற வாக்கியத்திலும் அது இயல்பாக வரும். ஆமாம், இருக்கிறது என்று சொல்கிற சாதாரண வாக்கியத்தில் தனியாக வந்தால் பேச்சு விறைப்பாகிவிடும்.

"இஸ் தேர் மச் டிராஃபிக்?" நல்ல கேள்வி. "நோ, தேர் இஸ்ன்ட் மச் டிராஃபிக்." நல்ல பதில். ஆனால் "எஸ், தேர் இஸ் மச் டிராஃபிக்" என்று யாரும் பேசுவதில்லை. அந்த இடத்தில் "தேர் இஸ் அ லாட் ஆஃப் டிராஃபிக்" வரும். ஆகவே இருக்கிறது என்று சொல்லும்போது அ லாட் ஆஃப் போட்டுவிடுங்கள். இதில் பெரிய சௌகரியம், அது இரண்டு பக்கத்துக்கும் ஓடும். அ லாட் ஆஃப் பீப்பிள், அ லாட் ஆஃப் வாட்டர். நம் 'நிறைய' மாதிரியே. எண்ணுகிறதா அளக்கிறதா என்று சந்தேகம் வந்தால் இது காப்பாற்றும். மெனிக்கு அந்த விறைப்பு அவ்வளவு கிடையாது. "மெனி ட்ரெயின்ஸ் ஸ்டாப் அட் காட்பாடி" என்று தாராளமாகச் சொல்லலாம்.

வினைச்சொல் மட்டும் மாறும். எண்ணுகிற பக்கம் பன்மை, ஆகவே ஆர். அளக்கிற பக்கம் ஒருமை, ஆகவே இஸ். "தேர் ஆர் அ லாட் ஆஃப் பஸ்ஸஸ்", "தேர் இஸ் அ லாட் ஆஃப் டஸ்ட்."

மச்சுக்கு முன்னால் டூ வந்தால் பொருளே வேறு. டூ மச் என்றால் ரொம்ப என்று நினைத்துப் பேசுகிறவர்கள் இங்கே அதிகம். அது 'ரொம்ப' இல்லை, 'அளவுக்கு மீறி'. ஆம்பூர் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு பாராட்டுகிற நினைப்பில் "டூ மச் மீட்!" என்று சொன்னால், கறியை அள்ளிப் போட்டுக் கெடுத்துவிட்டீர்கள் என்கிற குறையாகத்தான் போய்ச் சேரும். பாராட்ட "அ லாட் ஆஃப் மீட்" போதும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்து கரையோரம் தண்ணீர் புகுந்ததே, அதைச் சொல்லுங்கள்: "தேர் வாஸ் டூ மச் வாட்டர்." அங்கே டூ மச் சரியாகப் பொருந்துகிறது. எண்ணுகிற பக்கத்துக்கு டூ மெனி: "டூ மெனி பீப்பிள் இன் த லிஃப்ட்", ஆட்கள் அளவுக்கு மீறி ஏறிவிட்டார்கள், யாராவது இறங்க வேண்டும்.

மூன்றாம் படி: அந்தச் சின்ன 'அ'

இந்த வழிகாட்டியில் எனக்கு மிக முக்கியமான பகுதி இதுதான். ஃபியூ வேறு, அ ஃபியூ வேறு. லிட்டில் வேறு, அ லிட்டில் வேறு. நடுவில் இருப்பது ஓர் எழுத்து. ஆனால் பொருள் இருக்கிறது என்பதிலிருந்து இல்லை என்கிற பக்கத்துக்குச் சாய்ந்துவிடும்.

பள்ளியில் அந்த எழுத்தை 'எ' என்று உச்சரிக்கப் பழக்கினார்கள். பேச்சில் அது பெரும்பாலும் மெல்லிய 'அ'. முன்னால் இருக்கிற சொல்லோடு ஒட்டிக்கொண்டு போகும்: ஹேவ்-அ-ஃபியூ, இட்ஸ்-அ-லிட்டில். நம் காதில் அது விழுவதே இல்லை. கேட்காத ஒலியை வாயும் விட்டுவிடுகிறது. பிழையின் காரணம் இலக்கணம் தெரியாதது மட்டும் இல்லை, காதும்தான்.

பொருளைப் பிடிக்கத் தமிழிலேயே வழி இருக்கிறது. இந்த இரண்டையும் சொல்லிப் பாருங்கள்:

"ஒரு நாலஞ்சு பேர் வந்தாங்க."

"நாலஞ்சு பேர்தான் வந்தாங்க."

வந்தவர்கள் இரண்டிலும் அதே நாலைந்து பேர். முதல் வாக்கியத்தில் சொல்கிறவர் வந்தவர்களைப் பார்க்கிறார். பரவாயில்லை, ஆள் இருக்கிறது. இரண்டாவதில் வராதவர்களைப் பார்க்கிறார். இவ்வளவுதானா என்கிற குறை. முன்னதில் 'ஒரு' செய்கிற வேலையைத்தான் அ ஃபியூவில் 'அ' செய்கிறது. பின்னதில் 'தான்' செய்கிற வேலையை ஆங்கிலம் அந்த 'அ'வை எடுத்துவிட்டுச் செய்கிறது. "அ ஃபியூ பீப்பிள் கேம்", ஒரு நாலஞ்சு பேர் வந்தாங்க. "ஃபியூ பீப்பிள் கேம்", ஆளே அவ்வளவா வரலை.

அளக்கிற பக்கமும் இதே மாதிரி. "கொஞ்சம் பால் இருக்கு", காபி போடலாம்: "தேர் இஸ் அ லிட்டில் மில்க்." "கொஞ்சம்தான் பால் இருக்கு", காபிக்குக் காணாது: "தேர் இஸ் லிட்டில் மில்க்."

அப்படியானால் அந்தத் தம்பி லிட்டிலை விட்டு ஃபியூ ரூம்ஸ் என்று சொல்லியிருந்தால்? "வி ஹேவ் ஃபியூ ரூம்ஸ்" என்றால், ரூம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்கிற தொனி. அந்த அம்மா அப்போதும் போயிருப்பார், சக்கர நாற்காலிக்கு இடம் போதாது என்று இல்லாமல் வேறு காரணத்துக்காக. "வி ஹேவ் அ ஃபியூ ரூம்ஸ்" என்று இருந்தால் நின்றிருப்பார்.

இந்த ஊரில் இது வலி பற்றிய பேச்சிலும் வருகிறது. அதனால்தான் இதில் நான் இவ்வளவு நிற்கிறேன். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் "கொஞ்சம் வலிக்குது" என்று சொல்ல நினைத்து "லிட்டில் பெயின்" என்கிறார்கள். முழு வாக்கியமாக "ஐ ஹேவ் லிட்டில் பெயின்" என்றால் அதன் நேர்ப்பொருள், வலி அவ்வளவாக இல்லை, கவலை வேண்டாம். "ஐ ஹேவ் அ லிட்டில் பெயின்" என்றால் வலி இருக்கிறது, லேசாக இருக்கிறது, கவனியுங்கள். இங்கே இருக்கிற டாக்டர்களும் நர்ஸ்களும் நம் பேச்சுக்குப் பழகியவர்கள், எங்கே, எப்போதிலிருந்து என்று திரும்பக் கேட்டுக்கொள்வார்கள். வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ போய் போனில் பேசும்போது அந்தத் துணை இருக்காது.

மருந்துக்கடையிலும் இப்படித்தான். மாத்திரைக்கு முன்னால் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்று சொல்ல நினைத்து "ஈட் லிட்டில் ரைஸ்" என்று சொன்னால், சோற்றைக் குறையுங்கள் என்று ஆகிவிடும். "ஈட் அ லிட்டில் ரைஸ்" என்று 'அ' சேர்ந்தால்தான் கொஞ்சம் சாப்பிடுங்கள். தண்ணீரும் உப்பும் அளவோடு இருக்க வேண்டிய நோயாளிகள் உண்டு. அங்கே இந்த நாலு சொற்களில் எதையும் நம்பாதீர்கள். டாக்டர் எழுதிய அளவை எண்ணாகவே சொல்லுங்கள், இத்தனை டம்ளர், இத்தனை மில்லி என்று.

சரி, 'அ'வை எடுத்துவிட்டுப் பேசுவது எப்போது? என் தீர்ப்பு: பேச்சில் பெரும்பாலும் வேண்டாம். வெறும் ஃபியூவும் வெறும் லிட்டிலும் செய்தித்தாளிலும் புத்தகத்திலும் அதிகம் வரும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே அன்றாடப் பேச்சில் அவற்றைக் குறைத்துக்கொண்டு நாட் மெனி, நாட் மச் என்றுதான் சொல்கிறார்கள். "நாட் மெனி ட்ரெயின்ஸ் ஸ்டாப் அட் வேலூர் கன்டோன்மென்ட்", கன்டோன்மென்ட்டில் அவ்வளவாக ரயில் நிற்காது, காட்பாடிக்குப் போங்கள். "தேர் இஸ்ன்ட் மச் வாட்டர் இன் த பாலார்", வருஷத்தில் பல மாதம் நாம் பார்க்கிற மணல். ஃபியூவோ லிட்டிலோ வைத்தே சொல்ல வேண்டும் என்றால் முன்னால் வெரி சேர்த்துவிடுங்கள்: வெரி ஃபியூ ட்ரெயின்ஸ், வெரி லிட்டில் வாட்டர். அப்போது யாருக்கும் சந்தேகம் வராது.

ஆக வாய்க்கு ஒரு பழக்கம் போதும். இருக்கிறது என்று சொல்ல வந்தால் 'அ' கட்டாயம். அவ்வளவாக இல்லை என்று சொல்ல வந்தால் நாட் மெனி அல்லது நாட் மச். 'தான்' என்பதையே நேராகக் கொண்டுவர வேண்டுமானால் ஒன்லி இருக்கிறது: ஒன்லி அ ஃபியூ, ஒன்லி அ லிட்டில். கவனியுங்கள், ஒன்லி வந்தாலும் 'அ' போகவில்லை. "ஃபியூ ஒன்லி", "லிட்டில் ஒன்லி" என்று பின்னால் தொங்கவிடுவது நம் 'தான்' பின்னால் வருகிற பழக்கத்தால். ஆங்கிலத்தில் ஒன்லி முன்னால் வர வேண்டும்.

ஒரே ஒரு பொறி மட்டும் பாக்கி. க்வைட் அ ஃபியூ என்று கேட்டால் கொஞ்சம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குக் கணிசமாக, நிறையவே என்று பொருள். "க்வைட் அ ஃபியூ பேஷன்ட்ஸ்" என்று ஒருவர் சொன்னால் வரிசை நீளம், உட்கார இடம் பாருங்கள்.

காதைப் பழக்குவது

வகுப்பில் இதற்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் "தேர் இஸ் அ லிட்டில் மில்க்" அல்லது "தேர் இஸ் லிட்டில் மில்க்" என்று ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் தமிழில் "காபி போடலாம்" அல்லது "பால் வாங்கணும்" என்று பதில் சொல்ல வேண்டும். முதல் இரண்டு நாள் பாதிக்குப் பாதி தப்பாக வரும். ஒரு வாரத்தில் காது திறந்துவிடுகிறது. சொல்கிறவர் சத்தமாக 'எ' என்று அழுத்தக் கூடாது, சாதாரண வேகத்தில் மெல்லிய 'அ'வாகத்தான் சொல்ல வேண்டும். அழுத்திச் சொல்லிப் பழகினால் வெளியே போய் இயல்பாகப் பேசுகிறவரிடம் மறுபடி கோட்டை விடுவோம்.

வீட்டில் தனியாகப் பழக, அடுப்படிக்குப் போய் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள். மிளகாய் வற்றல், "தேர் ஆர் அ ஃபியூ ரெட் சில்லீஸ்." துவரம்பருப்பு, "தேர் இஸ்ன்ட் மச் தால்." முள்ளுக் கத்தரிக்காய், "தேர் ஆர் அ லாட் ஆஃப் பிரிஞ்சால்ஸ்." எண்ணெய், "தேர் இஸ் அ லிட்டில் ஆயில்." அரிசியில் பலர் யோசிப்பார்கள். ஒவ்வொரு மணியையும் எண்ணலாமே? எண்ணலாம், ஆனால் ஆங்கிலம் எண்ணவில்லை. ரைஸ், சுகர், சால்ட் எல்லாம் அளக்கிற பக்கம்.

அந்த மத்தியானத்தை மறுபடி

அன்று வகுப்பில் மீதி நேரம் முழுக்க அந்த வரவேற்பு மேஜையைத்தான் நடத்திப் பார்த்தோம். ஒரு பெண்ணைக் கொல்கத்தா அம்மாவாக உட்கார வைத்தேன். தம்பி தன் வழக்கமான ஆங்கிலத்தில் முதலில் பேசினான், பிறகு ஒவ்வொன்றாகத் திருத்தினோம்.

ரூம் இருக்கிறதா என்ற கேள்விக்கு அவன் பழைய பதில் "லிட்டில் ரூம்ஸ் ஒன்லி." புதுப் பதில் "எஸ் மேடம், வி ஹேவ் அ ஃபியூ ரூம்ஸ்." அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது: "சார், மூணே ரூம்தான் இருக்கு, சீக்கிரம் எடுத்துக்கட்டும்னு சொல்ல வேணாமா?" நியாயமான கேள்வி. அப்போது "ஒன்லி அ ஃபியூ ரூம்ஸ் லெஃப்ட்" என்று சொல்லலாம். எண் தெரிந்திருக்கும்போது எண்ணையே சொல்வது இன்னும் நல்லது: "த்ரீ ரூம்ஸ்."

அடுத்து "ஹவ் மச் டேஸ், மேடம்?" எவ்வளவு நாள் என்பதிலிருந்து வந்த மச். அதை "ஹவ் மெனி டேஸ்?" என்று மாற்றினோம்.

"ஹவ் மெனி லக்கேஜ்?" என்பது "ஹவ் மெனி பேக்ஸ்?" ஆனது.

வெந்நீர் வருமா என்று அந்தப் பெண் கேட்டாள். அவன் "மார்னிங் மச் ஹாட் வாட்டர், ஆஃப்டர் டென் லிட்டில்" என்றான். இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு படியும் சேர்ந்து வந்துவிட்டது. காலையில் இருக்கிறது என்று சொல்கிறான், ஆகவே மச் வேண்டாம், அ லாட் ஆஃப். பத்து மணிக்கு மேல் அவ்வளவாக இருக்காது என்று சொல்கிறான், ஆகவே நாட் மச். "தேர் இஸ் அ லாட் ஆஃப் ஹாட் வாட்டர் இன் த மார்னிங், பட் நாட் மச் ஆஃப்டர் டென்." நாலு முறை சொல்ல வைத்தேன். நாலாவது முறை தடங்கல் இல்லாமல் வந்தது.

சாப்பாடு. நம் ஊர்க் காரம் வெளியூர்க்காரர்களுக்கு ஆகாது, குறைவாகப் போடச் சொல்வார்கள். அந்தப் பெண் "வெரி லிட்டில் சில்லி, ப்ளீஸ்" என்றாள். தம்பி சமையல்காரரிடம் சொல்வதுபோல் திரும்பி "கொஞ்சம் காரம் போடுங்கண்ணா" என்றான். வகுப்பே கத்தியது. கொஞ்சம் காரம் போடுங்கள் என்பது "அ லிட்டில் சில்லி." அந்தப் பெண் கேட்டது "காரம் ரொம்பக் கம்மியா". பேசுவது மட்டும் இல்லை, கேட்டதைத் தமிழுக்குக் கொண்டுபோகும்போதும் அந்த 'அ' இருந்ததா இல்லையா என்று பார்க்க வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் புரிந்தது.

கடைசியாக அந்தப் பெண், சக்கர நாற்காலி ஏற்ற வேண்டும், படி இருக்கிறதா என்று கேட்டாள்: "ஆர் தேர் மெனி ஸ்டெப்ஸ்?" தம்பி கொஞ்சம் யோசித்தான். வாசலைக் கண் முன்னால் கொண்டுவந்து விரலில் எண்ணினான்.

"நோ மேடம், நாட் மெனி. ஒன்லி அ ஃபியூ. ஃபோர் ஸ்டெப்ஸ். வி வில் ஹெல்ப்."